செம்பருத்தித் தேநீரும் ரத்த அழுத்தமும்: எந்தப் பூ, எவ்வளவு குறையும், யாருக்கு ஆகாது

என் அத்தை வீட்டுக் கொல்லையில் ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி ஒன்று நிற்கிறது. செம்பருத்தித் தேநீர் குடித்தால் ரத்த அழுத்தம் குறையும் என்று யாரோ சொன்னதிலிருந்து, தினமும் விடிந்ததும் ஐந்து பூக்களைப் பறித்து வருவார். காம்பையும் நடுத்தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு, இதழ்களை மட்டும் கொதித்த தண்ணீரில் போடுவார். தண்ணீர் ஊதா நிறமாகும். எலுமிச்சைச் சாறு பிழிந்ததும் கண்ணெதிரே செக்கச்சிவந்து போகும். அந்த நிற மாற்றத்தைப் பார்த்து அவருக்கு மருந்தின் மீது நம்பிக்கை கூடிவிட்டது. நான்கு மாதம் குடித்தார். ரத்த அழுத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு துபாயில் இருக்கும் அவருடைய மகன் ஒரு பொட்டலம் அனுப்பிவைத்தான். உலர்ந்த, கருஞ்சிவப்பான, மொறுமொறுப்பான ஏதோ ஒன்று. அதுவும் செம்பருத்தித் தேநீர்தான் என்றான். அதைக் குடிக்கத் தொடங்கிய பத்தாம் நாள் காலையில் அத்தை கட்டிலிலிருந்து எழுந்தபோது கண் இருட்டி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரே பெயரில் குடித்த இரண்டு பானங்களில் ஒன்று எதுவும் செய்யவில்லை, இன்னொன்று ஆளைத் தள்ளாட வைத்தது. இது ஏன் நடந்தது என்று விளங்கினால், இந்தத் தேநீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

பெயர் ஒன்று, செடி இரண்டு

நம் வீடுகளில் பூஜைக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் பறிக்கும் செம்பருத்தி ஒரு செடி. உலகெங்கும் ரத்த அழுத்த ஆய்வுகளில் கொடுத்துப் பார்க்கப்பட்ட தேநீர் வேறொரு செடியிலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே குடும்பத்தில், ஒரே பேரினத்தில் பிறந்தவை. தாவரவியலில் இரண்டுக்கும் முதற்பெயர் ஒன்றுதான். அதனால்தான் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் எழுதியவர்கள் எல்லோரும் செம்பருத்தி என்று போட்டுவிட்டார்கள்.

அந்த இரண்டாவது செடியின் பெயர் ரோசெல். நமக்கு அது முற்றிலும் அந்நியமும் இல்லை. புளிச்சகீரை என்று நாம் கடைந்து சாப்பிடுவதில் ஒரு வகை இந்தச் செடியின் இலைதான். ஆந்திரத்துக் கோங்குராவும் அப்படியே. ஆனால் தேநீருக்கு இலை வேண்டாம், பூவின் இதழும் வேண்டாம். பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றாகச் சிவந்து வளரும் கிண்ணம் போன்ற உறைதான் வேண்டும். இதற்குப் புல்லிவட்டம் என்று பெயர். கத்தரிக்காயின் தலையில் தொப்பி போல் பச்சையாக ஒட்டியிருக்கிறதே, அதுவும் புல்லிவட்டம்தான். ரோசெல்லில் அந்தத் தொப்பி தடித்து, சிவந்து, காயையே மூடிவிடுகிறது. அதை உரித்து வெயிலில் உலர்த்தினால் கிடைப்பதே அந்தப் பொட்டலம். எகிப்திலும் சூடானிலும் கர்கடே என்றும், செனகலில் பிஸ்ஸாப் என்றும், மெக்சிகோவில் ஹமைக்கா என்றும் அன்றாடம் குடிக்கிறார்கள்.

எது கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். ரோசெல் எலுமிச்சை இல்லாமலே சிவக்கும், நாக்கில் வைத்தால் புளியம்பழம் போல் புளிக்கும். வீட்டுச் செம்பருத்தி இதழ் ஊதாவாகும், புளிக்காது. உலர்ந்த நிலையிலும் வேறுபாடு தெரியும். ரோசெல் தடிப்பாக, ஓரம் சுருண்ட கிண்ணத் துண்டுகளாக இருக்கும். செம்பருத்தி இதழ் காகிதம் போல் மெலிந்து கருத்திருக்கும்.

வீட்டுச் செம்பருத்திக்கு மருத்துவக் குணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சித்த மருத்துவத்தில் அதற்கு நெடுங்காலப் பயன்பாடு உண்டு. ஆனால் ரத்த அழுத்தம் இத்தனை புள்ளி குறையும் என்று நாம் படிக்கும் எண்கள் அந்தப் பூவைக் கொடுத்து அளந்து வந்தவை அல்ல. அவை ரோசெல்லின் எண்கள்.

சுருக்கமாக: ஆய்வுகளில் இருக்கும் செம்பருத்தித் தேநீர், ரோசெல் செடியின் உலர்ந்த சிவப்புப் புல்லிவட்டத்தை ஊறவைத்த புளிப்பு நீர். இனி நான் தேநீர் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

ரத்த அழுத்தம் என்பது எதன் அழுத்தம்?

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் சுவரைத் தண்ணீர் எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறது என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. உள்ளே எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஒன்று. குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பது மற்றொன்று. வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால், தண்ணீர்த் திருகைத் தொடாமலே உள்ளே அழுத்தம் ஏறிவிடுகிறது.

உடலில் இதயம் மோட்டார், ரத்த நாளங்கள் குழாய். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது நாளச் சுவரில் விழும் அழுத்தம் மேல் அளவு. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் ஓய்ந்திருக்கும்போது இருப்பது கீழ் அளவு. 120க்கு 80 என்று மருத்துவர் சொல்வதில் முதல் எண் மேல் அளவு, இரண்டாவது கீழ் அளவு. பழைய கருவியில் பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் ஏறியது என்று அளந்த வழக்கம் இன்றும் அலகாக நிற்கிறது. நாம் அதைப் புள்ளி என்றே சொல்லிக்கொள்ளலாம்.

ரப்பர் குழாய்க்கும் ரத்த நாளத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாளத்தின் சுவரில் தசை இருக்கிறது. அது தானே இறுகவும் தளரவும் செய்யும். அதை இறுக்கச் சொல்லி உடலே ஒரு வேதிப்பொருளைத் தயாரிக்கிறது. அதன் பெயர் ஆஞ்சியோடென்சின். இது ரத்தத்தில் முதலில் செயலற்ற வடிவில்தான் மிதக்கிறது. அதை ஏ.சி.இ. என்ற நொதி வெட்டிச் சீராக்கிய பிறகே வேலை செய்யும் வடிவம் பெறுகிறது. நொதி என்றால் உடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம். இங்கே அதை ஒரு கத்தரிக்கோல் என்று எண்ணிக்கொண்டால் போதும். வெட்டப்பட்ட ஆஞ்சியோடென்சின் நாளங்களை இறுக்குகிறது. கூடவே உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்தையும் தூண்டுகிறது. குழாய் குறுகுகிறது, உள்ளே ஓடும் நீரும் கூடுகிறது. அழுத்தம் இரண்டு பக்கமிருந்தும் ஏறுகிறது.

எனலாப்ரில், ராமிப்ரில் என்று "பிரில்" என முடியும் மாத்திரைகள் அந்தக் கத்தரிக்கோலை மழுக்குபவை. டெல்மிசார்டன், லோசார்டன் என்று "சார்டன்" என முடிபவை, வெட்டி முடித்த பொருள் நாளத்தில் போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடுபவை. இந்த இரண்டு குடும்பங்களையும் நினைவில் வைத்திருங்கள். யாருக்குத் தேநீர் ஆகாது என்று பேசும்போது இவை திரும்ப வரும்.

தேநீர் எங்கே கை வைக்கிறது?

ரோசெல்லின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல்பழத்தில் நாக்கைக் கறையாக்குவதும் இதே குடும்பத்து நிறமிதான். ரோசெல்லில் இருக்கும் ஆந்தோசயனின்களைப் பிரித்தெடுத்துச் சோதனைக்கூடத்தில் பார்த்தபோது, அவை அந்த ஏ.சி.இ. கத்தரிக்கோலின் வேலையைத் தடுத்தன. பிரில் மாத்திரை செய்யும் அதே வேலை, ஆனால் வலு குறைவு.

இதைத் தவிர, தேநீர் சிறுநீரை லேசாகக் கூட்டி உப்பை வெளியேற்றுகிறது. நாளத்தின் உட்சுவரைத் தூண்டித் தசையைத் தளரச் செய்கிறது என்பதற்கும் விலங்குச் சோதனைகளில் ஆதாரம் உண்டு. இந்த மூன்றில் மனித உடலில் எதன் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லிவிடவில்லை. ஆனால் மூன்றும் ஒரே திசையில் போகின்றன, மூன்றுமே நாம் மாத்திரையாக விழுங்கும் மருந்துகளின் வழிகள். உடலைச் சுத்தம் செய்கிறது, ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது என்றெல்லாம் இந்தத் தேநீரைப் பற்றிப் பேசுவதற்கு இங்கே இடமில்லை. இது ஒரு மெல்லிய ரத்த அழுத்த மருந்து. அப்படிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு, எத்தனை நாள், எந்த மாத்திரையோடு என்ற சரியான கேள்விகள் வாயில் வரும்.

எவ்வளவு குறையும்?

பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் சொல்லும் எண், மேல் அளவில் சராசரியாக 7 புள்ளி. கீழ் அளவில் அதில் பாதி அளவுக்கு.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஓர் ஆய்வை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடத்தி, 2010இல் வெளியிட்டது. 30 முதல் 70 வயதுக்குட்பட்ட 65 பேர். ரத்த அழுத்தம் லேசாக ஏறியவர்கள், அதற்கென்று மாத்திரை எடுக்காதவர்கள். ஒரு பகுதியினர் தினம் மூன்று கோப்பை ரோசெல் தேநீர் குடித்தார்கள். மற்றவர்களுக்கு நிறத்திலும் சுவையிலும் அதைப் போலவே செய்த போலிப் பானம் தரப்பட்டது. ஆறு வாரம் கழித்து அளந்தார்கள். தேநீர் குடித்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7.2 புள்ளி இறங்கியிருந்தது. போலிப் பானம் குடித்தவர்களுக்கும் 1.3 இறங்கியிருந்தது. ஆய்வில் இருக்கிறோம் என்ற கவனமே ஒரு புள்ளியைக் குறைத்துவிடுகிறது. ஆகவே தேநீரின் சொந்தப் பங்கு சுமார் 6 புள்ளி. கீழ் அளவில் தெரிந்த வித்தியாசம், தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

இதே ஆய்வில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. தொடக்கத்தில் மேல் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு இறக்கமும் கூடுதலாக இருந்தது. இரண்டாவது, சராசரி 7 என்றாலும் ஆளுக்கு ஆள் விரிந்த வேறுபாடு. சிலருக்கு 15 புள்ளிக்கு மேல் இறங்கியிருக்கும், சிலருக்கு அசைந்தே இருக்காது. சராசரியை உங்கள் உடலுக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாத்திரைக்கு நிகரானது என்று பரவும் பேச்சுக்கு வேர் மெக்சிகோவில் இருக்கிறது. 2004இல் வெளிவந்த அந்த ஆய்வில், தினம் 10 கிராம் உலர்ந்த புல்லிவட்டத்தை அரை லிட்டர் நீரில் ஊறவைத்துக் குடித்தவர்களையும், கேப்டோப்ரில் மாத்திரை எடுத்தவர்களையும் நான்கு வாரம் ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கியது. ஆனால் எதுவும் எடுக்காத மூன்றாவது குழு அங்கே இல்லை. 10 கிராம் என்பது நாம் ஒரு கோப்பையில் போடுவதைப் போல எட்டு மடங்கு. அதே ஆய்வாளர்கள் 2007இல் லிசினோப்ரில் மாத்திரையோடு ஒப்பிட்டபோது மாத்திரைதான் வென்றது. பரவும் செய்திகளில் இந்த இரண்டாவது ஆய்வு ஏனோ இடம்பெறுவதில்லை.

ஒப்பீட்டுக்கு: ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை வழக்கமான அளவில் எடுத்தால் மேல் அளவு சராசரியாக 9 புள்ளி இறங்கும். ரத்த அழுத்தம் உள்ள ஒருவர் நாள்தோறும் சாப்பிடும் உப்பில் 4 கிராம் போலக் குறைத்தால் 5 புள்ளி இறங்கும். 4 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றைத் தள்ளிவைத்தாலே பல வீடுகளில் அதன் பெரும்பங்கு வந்துவிடும்.

ஆக, 136 இருப்பவரை 130க்குக் கொண்டுவரும் வலு இந்தத் தேநீருக்கு உண்டு. 165 இருப்பவருக்கு இது போதாது. 160க்கு 100ஐத் தாண்டியவர் தேநீரை முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம் என்று மூன்று மாதம் தள்ளினால், அந்த மூன்று மாதமும் நாளங்கள் அடி வாங்கிக்கொண்டிருக்கும். 180க்கு 120ஐத் தொட்டு, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் என்று ஏதாவது இருந்தால் அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம்.

எப்படி ஊறவைப்பது

டஃப்ட்ஸ் ஆய்வில் கொடுத்த அளவையே பின்பற்றலாம் என்பது என் எண்ணம். ஒரு கோப்பைக்கு ஒன்றேகால் கிராம் உலர்ந்த புல்லிவட்டம், கொதித்த தண்ணீர் 240 மில்லி, ஊறும் நேரம் ஆறு நிமிடம். நாளுக்கு மூன்று கோப்பை.

ஒன்றேகால் கிராமைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது. அதனால் 10 கிராம் நிறுத்து ஒரு தட்டில் கொட்டி, பாதியாக, அதில் பாதியாக, மறுபடியும் பாதியாகப் பிரியுங்கள். எட்டுப் பங்கில் ஒன்றுதான் ஒரு கோப்பைக்கு. முதல் முறை பார்க்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். நான்கைந்து துண்டுகள்தான் இருக்கும். அத்தை கைப்பிடி அள்ளிப் போட்டதற்கும் இதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் எனக்கே உறைத்தது.

சர்க்கரை சேர்க்காதீர்கள். எகிப்திலும் செனகலிலும் இதைத் தித்திக்கத் தித்திக்கக் குடிப்பார்கள். புளிப்பு அவ்வளவு. ரத்த அழுத்தத்துக்காகக் குடிப்பவர் நாளுக்கு ஆறு கரண்டிச் சர்க்கரையைக் கூடவே விழுங்கினால் ஒரு பக்கம் பெற்றதை மறுபக்கம் இழப்பார். புளிப்பு தாங்கவில்லை என்றால் நீரைக் கூட்டுங்கள், அல்லது ஒரு துண்டு பட்டையைப் போடுங்கள். குடித்து முடித்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளிப்பது நல்லது. இதன் அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கும். கொப்பளித்த உடனே பல் துலக்க வேண்டாம், அரைமணி நேரம் போகட்டும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ரத்த அழுத்தம் ஒரே நாளில் பத்துப் புள்ளி ஏறி இறங்குவது இயல்பு. மாடிப்படி ஏறினால் ஏறும், சிறுநீர் முட்டினால் ஏறும், பேசிக்கொண்டிருந்தாலே ஏறும். நாம் தேடும் மாற்றமோ ஆறு ஏழு புள்ளி. திங்களன்று 142, தேநீர் குடித்த வியாழனன்று 133 என்று பார்த்து மகிழ்ந்தால் அது தேநீரா இயல்பான ஆட்டமா என்று சொல்லவே முடியாது.

வழி ஒன்றுதான். தேநீர் தொடங்கும் முன்பே ஒரு வாரம் அளந்து எழுதி வைக்க வேண்டும். காலையில் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை, நடுவே ஒரு நிமிட இடைவெளி. அளக்கும் முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து நாற்காலியில் அமைதியாக உட்காருங்கள். கால் தரையில் பதிந்திருக்கட்டும், கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். கருவியின் பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் கட்டாதீர்கள். அதற்கு முந்தைய அரைமணி நேரம் காபி வேண்டாம். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாள்களின் சராசரியை எடுங்கள். ஆறு வாரம் குடித்த பிறகு இதே போல இன்னொரு வாரம்.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு 44 வயது. மாத்திரை எதுவும் இல்லை. எல்லையில் நிற்கிறது, உணவைக் கவனித்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வா என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தேநீருக்கு முந்தைய வாரச் சராசரி 134க்கு 86. உணவிலும் நடையிலும் எதையும் மாற்றாமல், அளந்த தேநீர் மூன்று கோப்பை ஆறு வாரம் குடித்தேன். ஆறாவது வாரச் சராசரி 129க்கு 84. அதோடு விடாமல் நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தேன். 133க்கு 85.

ஒரு மனிதனின் நோட்டுப் புத்தகம் ஆய்வாகிவிடாது. ஆனாலும் நிறுத்தியதும் பழைய இடத்துக்குத் திரும்பியது எனக்கு வியப்பாக இல்லை. ஈரானில் 1999இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் நடந்தது. 12 நாள் தேநீரில் இறங்கிய அழுத்தம், நிறுத்திய மூன்றே நாளில் கணிசமாக மேலே ஏறியது. குடிக்கும் வரைக்கும்தான் பலன்.

சுருக்கமாக: சரியான செடி, அளந்த அளவு, ஆறு வாரம், முன்னும் பின்னும் ஒரு வார அளவீடு. ஐந்து முதல் ஏழு புள்ளி இறங்கினால் தேநீர் உங்களிடம் வேலை செய்கிறது. இரண்டு புள்ளிக்குள் இருந்தால் இல்லை என்றே எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம்.

யாருக்கு ஆகாது

இப்போது அத்தையிடம் திரும்புவோம். அவருக்கு 58 வயது. தினம் காலையில் ஒரு மாத்திரை. அதில் டெல்மிசார்டனும், சிறுநீரைக் கூட்டும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்திருக்கின்றன. அந்த மாத்திரையில் 136க்கு 84 என்று ஒழுங்காகத்தான் இருந்தார். மேலே சொன்ன வழிகளை நினைத்துப் பாருங்கள். நாளம் இறுகும் பாதையை மாத்திரை ஏற்கெனவே அடைக்கிறது, தேநீரும் அதே பாதையில் கை வைக்கிறது. உப்பையும் நீரையும் மாத்திரை வெளியேற்றுகிறது, தேநீரும் அதையே செய்கிறது. அதுவும் ஒரு கைப்பிடியைச் சொம்பில் போட்டுக் கொதிக்கவிட்டு நாள் முழுவதும் குடித்திருக்கிறார். பங்குனி வெயிலில் வியர்த்து வேறு நீர் போயிருக்கிறது. கதவு நிலையைப் பிடித்து நின்ற அன்று காலை கருவி காட்டியது 102க்கு 64.

தேநீர் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வெயிலுக்கும் பங்கு இருந்திருக்கும். ஆனால் தேநீரை மட்டும் நிறுத்திய ஒரு வாரத்தில் மயக்கம் நின்றது, அளவு 134க்குத் திரும்பியது. அந்த வயதில் விடியற்காலை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கத்தான் எனக்கு நெஞ்சு பதறியது.

எனவே முதல் வரிசை, ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள். மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்கவே கூடாது. பிரில், சார்டன், சிறுநீர் கூட்டும் மாத்திரை ஆகிய மூன்றும் குறிப்பாக. எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவது, கண் இருட்டுவது, காரணமில்லாத சோர்வு இவையே அளவு மீறி இறங்கியதன் அடையாளங்கள். உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து ஒரு முறை அளந்தால் தெரிந்துவிடும். மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் சரிந்தால் தேநீரை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இயல்பிலேயே ரத்த அழுத்தம் குறைவாக இருப்பவர்களுக்கும் இதே காரணத்தால் இது வேண்டாம்.

கர்ப்பிணிகளும், கருத்தரிக்க முயல்பவர்களும், பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தொடக்கூடாது. பல நாடுகளில் இதை மாதவிடாயைத் தூண்டும் மருந்தாகப் பயன்படுத்தும் மரபு இருக்கிறது. கர்ப்ப காலத்தில் இது பாதுகாப்பானது என்று காட்டும் மனித ஆய்வு இல்லை. விலங்குச் சோதனைகளோ கவலைப்பட வைக்கின்றன. கர்ப்பத்தில் ஏறும் ரத்த அழுத்தம் வேறொரு நோய். அதைத் தேநீரால் சமாளிக்க நினைப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஆஞ்சியோடென்சின் பாதையைத் தடுக்கும் எதுவும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும். பொட்டாசியம் இதயத் துடிப்பை ஒழுங்காக வைத்திருக்கும் உப்பு. அளவு மீறினால் அந்தத் துடிப்பையே குலைக்கும். நல்ல சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும், பழுதானது தேக்கிவைக்கும். இவர்கள் தங்கள் சிறுநீரக மருத்துவர் அனுமதித்தால் மட்டும் குடிக்கலாம்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இது சர்க்கரையையும் சற்று இறக்கலாம். தொடங்கும் நாள்களில் கூடுதலாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மற்ற மாத்திரைகளின் போக்கையும் இது மாற்றுகிறது. சூடானில் மலேரியா மருந்தான குளோரோகுவினை இந்தப் பானத்தோடு கொடுத்தபோது ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தது. நைஜீரியாவில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையோடு கொடுத்தபோது அது சிறுநீரில் வெளியேறுவது குறைந்தது. மூட்டு வலிக்கு அந்த மாத்திரையை நாள்தோறும் போடுபவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அந்த மாத்திரையே ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது, சிறுநீரகத்துக்கும் சுமை. அவர்கள் தேநீரைப் பற்றி யோசிப்பதற்கு முன் வலி மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசட்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது.

இவற்றையெல்லாம் விட நான் அஞ்சுவது ஒன்று உண்டு. தேநீர் குடிக்கத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது. ரத்த அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் உடலுக்குத் தெரியாது. மாத்திரையை விட்டு ஒரு மாதம் ஆகியும் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று தோன்றும். உள்ளே 170 ஓடிக்கொண்டிருக்கும். அத்தையும் அந்த யோசனையில்தான் இருந்தார். மயக்கம் வந்ததால் மருத்துவரிடம் போனோம், போனதால் மாத்திரை தப்பியது.

மருத்துவர் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்து, ஒரு துண்டை முகர்ந்து பார்த்தார். திட்டவில்லை. பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தன. மாத்திரையிலேயே அளவு கட்டுக்குள் இருக்கும்போது இது உங்களுக்குத் தேவையில்லை அம்மா என்றார். பிறகு மருந்துச் சீட்டை எடுத்து, மாத்திரையின் பெயருக்குக் கீழே "புளிச்சைத் தேநீர் - நிறுத்தப்பட்டது" என்று தேதி போட்டு எழுதினார்.